அப்பாவின் வாட்ச் மூன்று நாள் அதிராமல் கிடந்த கதை

அப்பாவுக்குக் காது மந்தம். கைப்பேசி அடிப்பது கேட்காததால், அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிரட்டும் என்று ஜார்ஜ்டவுன் கடையொன்றில் ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். "ஆங்கிலமும் வரும்" என்றார் கடைக்காரர். பெட்டியைத் திறந்தால் சீன எழுத்துகள் மட்டுமே. சீனச் சந்தைக்கென்று செய்த வாட்ச் அது. வாங்கும் முன்பே கடையில் திரையை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் தவறு என்னுடையது. எழுத்து புரியாததால் கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் நேராக இணைத்துவிட்டேன். 'Connected' என்று வந்தது, ஆனால் கைப்பேசியில் நிறுவியிருந்த வாட்ச் செயலிக்கு வாட்ச் தென்படவேயில்லை. புளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கி, செயலிக்குள்ளிருந்து இணைத்த பிறகே ஆறு இலக்க எண் இரண்டு திரையிலும் வந்தது. வாட்சில் இரண்டு பொத்தான்கள். பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் காட்டினேன். "இது 确定, சரி என்று அர்த்தம். அது 取消, அதைத் தொடாதே," என்றார். அதற்கு முன் இரண்டு முறை நான் அழுத்தியது 取消 தான்.

இணைந்த பிறகும் வாட்ச் அதிரவில்லை. என்னை மூன்று நாள் அலைக்கழித்தது இதுதான். வாட்ச் திரையில் வந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, இணையத்திலிருந்து இறக்கி நிறுவிய செயலி அது. ஆண்ட்ராய்டு 13 முதல், அப்படி வெளியிலிருந்து நிறுவிய செயலி நம் அறிவிப்புகளைப் படிக்கக் கைப்பேசி விடுவதில்லை. 'Notification access' பக்கத்தில் அதன் பெயர் மங்கலாக இருக்கும். தொட்டால் 'Restricted setting' என்று வரும். கடைக்குத் திரும்பிப் போனேன், "வாட்ச் பழுது" என்றார்கள். பழுதெல்லாம் இல்லை.

முதலில் அந்த மங்கலான பெயரை ஒரு முறை தொடுங்கள். பிறகு அந்தச் செயலியின் 'App info' பக்கத்துக்குப் போய், மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'Allow restricted settings' தெரியும். தொடாமல் போனால் அந்த வரி வராது, நான் ஒரு மாலை முழுக்கத் தேடியது அதனால்தான். இது ஒரு காவலைத் திறந்துவிடும் வேலை என்பதால், வாட்ச் நிறுவனத்தின் செயலிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

எதையெல்லாம் வாட்சுக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுப்பது எளிது. அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் மூன்றை மட்டும் விட்டேன். உறவினர் குழுவின் காலை வணக்கங்கள் அப்பாவின் கையை ஓயாமல் உலுக்கின. கைப்பேசியில் வாட்ஸ்அப்பின் குழு அறிவிப்புகளை அணைத்ததும் வாட்சிலும் நின்றன. தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதியையும் கொடுங்கள், இல்லாவிட்டால் பெயருக்குப் பதில் வெறும் எண்தான் வரும். தமிழ்ப் பெயர்கள் இந்த வாட்சில் கட்டங்களாகத் தெரிந்தன. எங்கள் ஐந்து பேர் பெயரையும் ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்தேன்.

நேற்று பட்டர்வொர்த்திலிருந்து அழைத்தேன். இரண்டாவது மணியில் அப்பா எடுத்தார்.