நாற்பத்தேழா, எழுபத்துநான்கா?

ஓ.எம்.ஆரில் ஒரு சப்போர்ட் சென்டரில் ஜெர்மன் டீமுக்கு ஆள் எடுக்கும்போது மொழிச் சுற்றை நடத்துவது என் வேலையாக இருந்தது. வேலை விளம்பரத்தில் எப்போதும் ஒரே வரிதான், "ஜெர்மன் பி2 கட்டாயம்". ஏ1-இல் தொடங்கி சி2 வரை போகும் ஆறு மொழி நிலைகளில் பி2 நான்காவது. அந்த பி2 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எச்.ஆருக்குத் தெரியாது, ஏனென்றால் அது கிளையன்ட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது, அங்கே எழுதியவர் எந்த வேலைக்கு எவ்வளவு ஜெர்மன் வேண்டும் என்று யோசித்து எழுதினாரா என்பது எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

ஒரு நாள் இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் கோதே இன்ஸ்டிட்யூட்டின் நுங்கம்பாக்கம் கிளையான மாக்ஸ் முல்லர் பவனில் படித்து, அவர்கள் நடத்தும் கோதே தேர்வில் பி2 வாங்கியவர். இரண்டாமவரிடம் பி1 மட்டும்தான், ஆனால் வேறொரு கம்பெனியில் இரண்டு வருடம் ஜெர்மனிக்கு இன்வாய்ஸ் வேலை பார்த்திருக்கிறார். நான் நிலையைப் பார்ப்பதற்கு முன்னால் மதிப்பெண் தாளைப் பார்ப்பேன். கோதே பி1, பி2 இரண்டுமே நான்கு தனித்தனிப் பகுதிகள்: வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு. ஒவ்வொன்றுக்கும் 100, தேர்ச்சிக்கு 60. முதலாமவருக்கு வாசிப்பு 93, பேச்சு 62. அவருடைய பி2 எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அந்தத் தாளே சொல்லிவிட்டது. இதில் பலர் மொத்தமாக "பி2 பாஸ்" என்று மட்டும் ரெஸ்யூமேயில் போட்டுவிடுகிறார்கள், தாளைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு ஒத்திகை போன் கால். நான் முனிக்கிலிருந்து கூப்பிடும் கடுப்பான ஊழியர், அப்டேட்டுக்குப் பிறகு கணினித் திரை கறுப்பாகவே இருக்கிறது, பழைய டிக்கெட் எண் 4783. ஜெர்மனில் இதைப் பலரும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள், அதுவும் பின்னாலிருந்து: "ஸீபன் உந்த் ஃபியர்ட்ஸிஷ், த்ரை உந்த் ஆக்ட்ஸிஷ்". ஏழும் நாற்பதும், மூன்றும் எண்பதும். முதலாமவர் காதில் விழுந்த வரிசையிலேயே 7438 என்று தட்டினார், அந்த எண்ணில் வேறு யாருடைய டிக்கெட்டோ திறந்தது, அவர் அதைத் திரும்பப் படித்துக் காட்டவும் இல்லை. பி2 பேச்சுத் தேர்வில் ஒரு சிறிய உரையும் ஒரு விவாதமும்தான், அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்பு நேரமும் உண்டு. அங்கே யாரும் கோபத்தோடு எண்ணை அவசரமாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாமவர் எண்ணைக் கேட்டதும் நிறுத்தினார். "ஃபியர், ஸீபன், ஆக்ட், த்ரை, ரிஷ்டிஷ்?" என்று ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, சரிதானே என்று கேட்டார். பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னபோது நான் வேண்டுமென்றே ஏ-க்கு "ஆன்டோன்", பி-க்கு "பெர்ட்டா" என்று ஆள் பெயர்களால் எழுத்தைச் சொல்லும் பழைய பட்டியலில் சொன்னேன். 2022-இல் அதிகாரபூர்வ அலுவலகப் பட்டியல் ஆகன், பெர்லின் என்று ஊர்ப் பெயர்களுக்கு மாறினாலும் போனில் ஜனங்கள் விட்டபாடில்லை. அவர் பிசகாமல் எழுதினார். ஆனால் இலக்கணத்தில் தடுமாறினார், ஒரு நீளமான புகாரை மறுத்துப் பேசச் சொன்னபோது வாக்கியம் பாதியில் நின்றது. அதுவும் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை.

என் கணக்கு இது. டிக்கெட், ஈமெயில் வேலைக்கு எழுத்தில் நல்ல மதிப்பெண் உள்ள பி1 போதும், பாதி பதில்கள் டெம்ப்ளேட்டில் இருக்கின்றன, யோசிக்க நேரமும் கிடைக்கும். போனுக்கு பி2 வேண்டும், அதிலும் கேட்டல், பேச்சு இரண்டும் 75-க்கு மேல் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. கிளையன்ட்டோடு உட்கார்ந்து தாமதத்துக்குக் காரணம் சொல்லி வாதாடுவதற்கு மட்டும்தான் சி1. ஸ்விட்சர்லாந்து கால்கள் தனிக் கதை. எழுதும்போது நமக்குத் தெரிந்த ஜெர்மன்தான், வாயைத் திறந்தால் வணக்கமே "க்ரூயெட்ஸி" என்று வேறு உலகம் ஆரம்பிக்கும், சி1 வைத்திருப்பவர்களே முதல் வாரம் முழிப்பார்கள்.

கடைசியில் ஒப்பந்தம் சொன்னபடிதான் நடந்தது. பி2 வைத்திருந்தவர் போன் டீமுக்கு, பி1 வைத்திருந்தவர் ஈமெயில் டீமுக்கு. எண்களுக்காக நான் முதலாமவருக்குத் தினமும் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கினேன், இரண்டிலக்க எண்களை வேகமாகச் சொல்லி எழுத வைப்பது மட்டும்தான், மூன்று வாரத்தில் சரியானது. இரண்டாமவர் பி2 எழுதி முடிக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் பக்கத்து மேசையில் யாராவது எண்ணில் சிக்கிக்கொண்டால் ஹெட்செட்டின் ஒரு காதை அவர் பக்கம் திருப்பிப் பிடிப்பார்கள், கிளையன்ட்டுக்குத் தெரியாமல்.