வழுக்காத ஷூ என்றால், எந்தத் தரையில்?

ராணிப்பேட்டையில் ஐரோப்பாவுக்கு சேஃப்டி ஷூ செய்யும் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் லேபில் வேலை பார்க்கிறேன். வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது வழுக்காதுல்ல?" என்றுதான். எந்தத் தரை, அதன் மேல் என்ன சிந்திக் கிடக்கும் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நாங்கள் செய்யும் சோதனைக்கு ஐஎஸ்ஓ 13287 என்று பெயர். முதலில் புது சோலை நன்றாகக் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்போம். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தெளிக்கும் திரவமும், மேலே இருக்கும் பளபளப்புத் தோலும் போனால்தான் சோலின் உண்மையான பிடி தெரியும். பிறகு ஷூவை ஒரு கால் அச்சில் மாட்டி, மெஷினில் ஹீல் 7 டிகிரி சாய்வில் தரையைத் தொடும்படி வைப்போம். நடக்கும்போது கால் வழுக்குவது பெரும்பாலும் குதிகால் தரையைத் தொடும் அந்தக் கணத்தில்தான். மேலிருந்து 500 நியூட்டன் அழுத்தம், அதாவது ஏறக்குறைய 51 கிலோ பாரம், இறங்கும். உடனே சோலுக்கும் தரைக்கும் இடையே விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் வழுக்கல் தொடங்கும். வழுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்பதை சென்சார் பதிவுசெய்யும். அந்த எதிர்ப்பை மேலிருந்து வரும் பாரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் உராய்வு எண். 500 நியூட்டனுக்கு 150 நியூட்டன் எதிர்ப்பு என்றால் 0.30. அப்புறம் ஷூவின் முன்பகுதியை எதிர்த் திசையில் வழுக்கவிட்டு இதையே திரும்பச் செய்வோம்.

சமதளத்தில் நேராக, சாதாரண வேகத்தில் நடப்பவருக்கு சுமார் 0.2 உராய்வு தேவைப்படும். திரும்பும்போதும், ஓடும்போதும், தள்ளுவண்டி தள்ளும்போதும் அது கூடும். சோதனை முடிவைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2022-இல் வந்த ஐஎஸ்ஓ 20345 தரத்தின்படி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய செராமிக் டைலில் ஹீலுக்குக் குறைந்தது 0.31, முன்பகுதிக்கு 0.36 வர வேண்டும். இது சாதாரண சேஃப்டி ஷூவுக்கே கட்டாயம், இதற்குத் தனிக் குறி கிடையாது. அதே டைலில் எண்ணெய் போலக் கெட்டியான கிளிசரின் ஊற்றி ஹீலுக்கு 0.19, முன்பகுதிக்கு 0.22 எடுத்தால்தான் எஸ்ஆர் என்ற குறி போடலாம். பழைய ஷூக்களில் எஸ்ஆர்ஏ, எஸ்ஆர்பி, எஸ்ஆர்சி என்று பார்த்திருப்பீர்கள். அது முந்தைய பதிப்பு. அதில் கிளிசரின் சோதனை டைலில் நடக்கவில்லை, இரும்புத் தகட்டில் நடந்தது. அதனால் பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கேன்டீன் சமையலறை ஒன்றுக்கு ஷூ எடுக்க வந்தவர் இரண்டு மாடல்களைக் கையில் வைத்திருந்தார். பியூ எனப்படும் பாலியூரிதேன் சோல் போட்டதன் அட்டையில் 0.42 என்றும், நைட்ரைல் ரப்பர் சோல் போட்டதில் 0.36 என்றும் இருந்தது. இரண்டுமே சோப்புத் தண்ணீரில் ஹீலுக்கு வந்த எண்கள். அவர் கை முதல் மாடலுக்குத்தான் போனது. லேப் ரிப்போர்ட்டை எடுத்துக் கிளிசரின் வரியைக் காட்டினேன். பியூ 0.16, ரப்பர் 0.23. எண்ணெய்த் தரைக்கு ரப்பர்தான் சரி.

காரணம் சோலைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்தது. பியூ சோலில் அகலமான தட்டைக் கட்டிகள். கெட்டியான திரவம் அவற்றின் அடியில் மாட்டிக்கொண்டு வெளியேற நேரம் ஆகும், அதற்குள் கால் வழுக்கிவிடும். ரப்பர் சோலில் கட்டிகள் குறுகலாக, விளிம்பு கூர்மையாக இருந்தன. நடுவில் ஓடும் பள்ளங்கள் ஓரம் வரை திறந்திருந்தன, திரவம் அதன் வழியே ஓடிவிடும். பள்ளம் ஓரத்தில் மூடியிருந்தால் அது அழகுக்கு மட்டும்தான்.

"ஆயில் ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்கே?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி, பலர் ஏமாறுவது இங்கேதான். எஃப்ஓ என்ற அந்தக் குறி, எண்ணெய் பட்டால் சோல் ஊறிக் கெடாது என்பதற்கு. வழுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டைல் பெட்டியில் இருக்கும் ஆர்10, ஆர்11 என்பவையும் தரைக்கான மதிப்பு, ஷூவுடையது அல்ல.

மொத்தமாக வாங்குபவர்கள் குறியோடு நிற்காமல் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். எந்த ஆண்டுத் தரம், எந்தத் திரவம், ஹீல் எண் எவ்வளவு, சோதித்தது இதே சோல் கலவைதானா என்று பாருங்கள். கடையில் ஒரு ஜோடி வாங்குபவருக்கு, சமையலறை, ஒர்க்‌ஷாப் என்றால் எஸ்ஆர் குறி. கழுவிவிடும் டைல் தரை மட்டும் என்றால் அடிப்படைச் சோதனை போதும்.

எங்கள் எண்கள் எல்லாம் புது ஷூவுக்கானவை. ஹீலின் பின்விளிம்புதான் முதலில் தேயும். அங்கே பள்ளம் மறைந்து, தட்டையாகிவிட்ட ஷூவை எண்ணெய்த் தரையில் போடாதீர்கள், மேல்தோல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி. கேன்டீன்காரரிடமும், வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை ஷூக்களைத் திருப்பி வைத்து ஹீலைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பினேன்.