பத்து பெரிங்கியில் சுவரில் ஒட்டிய 94 தாள்கள்: ஒரு செயலாளரின் அனுபவம்

பினாங்கில் இரண்டு டியூஷன் மையங்களை நடத்தும் ஒரு சிறிய கல்வி நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் செயலவை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வார இறுதியில் வெளியே தங்கி வியூகத் திட்டமிடல் முகாம் நடத்துவது வழக்கம். முந்தைய முகாமின் அறிக்கையை இம்முறை மறுபடி எடுத்துப் படித்தபோது ஆறு பக்கங்களில் பதினேழு இடங்களில் ‘கலந்துரையாடப்பட்டது’ என்ற சொல் இருந்ததையும், ‘இளைஞர்’, ‘நிதி’, ‘கட்டடம்’ என்று தலைப்புகள் இருந்ததையும், ஓர் இடத்தில்கூட ஓர் ஆளின் பெயரோ தேதியோ இல்லாததையும் கண்டேன். அந்த அறிக்கையை எழுதியவனும் நான்தான் என்பதால் வேறு யார்மீதும் குறை சொல்ல வழியில்லை.

இம்முறை பத்து பெரிங்கியில் ஒரு கடலோர விடுதியின் கூட்ட அறையில் பதினொரு பேர் கூடினோம். ‘சங்கத்தை எப்படி வளர்க்கலாம்?’ என்று கேட்டால் எதையும் சொல்லலாம் என்பது பழைய அனுபவம். ஆகவே, ‘மூன்று ஆண்டுகள் கழித்து நம் மையங்கள் நன்றாக நடக்கின்றன என்று எதைப் பார்த்துச் சொல்வோம்? அதற்கு இன்று தடையாக இருப்பது எது?’ என்று கேள்வியைக் குறுக்கி, ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் பேசாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு தாளுக்கு ஒரு கருத்து. அது ஒற்றைச் சொல்லாக இல்லாமல் வினைச்சொல்லோடு முடியும் வாக்கியமாக இருக்க வேண்டும். தலைவர் தம் தாள்களைக் கடைசியாக ஒட்ட வேண்டும். இவ்வளவுதான் விதிகள். மூன்றாவது விதியைத் தலைவரிடம் முதல் நாளே தனியாகச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டேன். எங்கள் தலைவர் மூத்தவர். அவர் முதலில் பேசினால் மற்ற பத்துப் பேரும் அவர் சொன்னதையே வேறு சொற்களில் சொல்வார்கள்.

விடுதியின் சுவர் சொரசொரப்பானது. குளிரூட்டியின் காற்றில் ஒட்டுத்தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோது பொருளாளர் ஓடிப்போய் மாஜோங் தாள்களை வாங்கி வந்தார். அவற்றைச் சுவரில் நாடாவால் ஒட்டி, அதன்மேல் சிறு தாள்களை ஒட்டினோம். இந்தச் சிறு குழப்பத்தால் ஒரு நன்மை விளைந்தது: உதிர்ந்த தாள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகவே, ஒவ்வொரு தாளின் மூலையிலும் தொடர் எண் எழுதினேன். மொத்தம் 94. நகர்த்துவதற்கு முன் முழுச் சுவரையும் படம் எடுத்துவிட்டு, அன்று மாலையே எண்ணையும் தாளில் இருந்த வாசகத்தையும் ஒரு விரிதாளில் எழுத்துப் பிழையோடு அப்படியே தட்டச்சு செய்தேன். எழுதியவர் பெயரை மட்டும் சேர்க்கவில்லை.

அடுத்து, ஒத்த தாள்களைச் சேர்ப்பது. ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடா வகுத்த முறையை ஓரளவு பின்பற்றினோம். முதலில் தலைப்புகளை எழுதிவைத்துத் தாள்களை அவற்றின்கீழ் அடைப்பதில்லை. தாள்களைப் பார்த்து, பக்கத்தில் நிற்கத் தகுந்தவற்றை நகர்த்திய பிறகே தலைப்பு வரும். எங்கும் சேராத தாள் தனியாகவே நிற்கலாம். அப்படி நான்கு நின்றன. மற்றவை ஏழு கும்பல்களாயின.

மிகப் பெரிய கும்பலில் 19 தாள்கள் இருந்தன. யாரோ அதன்மேல் ‘இளைஞர்’ என்று எழுதிவிட்டார், அனைவரும் தலையாட்டினர், அடுத்த கும்பலுக்கு நகரத் தயாராகினர். அப்போது உதவித் தலைவர் அம்மா, “எந்த இளைஞர்?” என்று கேட்டார். உடனே பதில் வரவில்லை. 19 தாள்களையும் உரக்கப் படித்தோம். எட்டுத் தாள்கள் படிவம் நான்கில் மாணவர்கள் நின்றுவிடுவதைப் பற்றியவை. ஆறு, பாடம் சொல்லிக்கொடுக்க இளம் ஆசிரியர்கள் கிடைக்காததைப் பற்றியவை. ஐந்து, செயலவையில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை என்று சொன்னவை. முதலாவதற்கு நேர அட்டவணையும் பெற்றோர் தொடர்பும் வேண்டும், இரண்டாவதற்குப் பணம் வேண்டும், மூன்றாவதற்குச் சங்கத் தேர்தல் வேண்டும். ஒரே சொல்லின்கீழ் அவை நின்றிருந்தால், ‘இளைஞரே முதன்மை’ என்று பதினொரு பேரும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். முந்தைய முகாமில் அதுதான் நடந்திருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

அதனால் ஏழு கும்பல்கள் ஒன்பது கருப்பொருள்களாயின. ஒவ்வொன்றின் தலைப்பையும் முழு வாக்கியமாக எழுதினோம். முதலாவது: ‘படிவம் மூன்றை முடித்த மாணவர்களில் பலர் படிவம் நான்கில் நம்மிடம் திரும்பி வருவதில்லை.’ ஒரு தலைப்பை எழுதியபின் கும்பலில் உள்ள தாள்களை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ‘ஆமாம், அதைத்தான் சொல்கிறது’ என்று சொல்ல முடியாத தாள் இருந்தால், தலைப்பு தவறு அல்லது தாள் இடம் மாற வேண்டும். இந்த வேலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. மதிய உணவு தாமதமானதில் சிலருக்கு என்மேல் வருத்தம்.

வாக்களிப்பில் சுவரில் வண்ணப்பொட்டு ஒட்டும் முறையைத் தவிர்த்தேன். முதலில் விழும் பொட்டுகளைப் பார்த்துப் பின்னால் வருபவர் ஒட்டுவதை வேறொரு கூட்டத்தில் கண்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் மூன்று கருப்பொருள்களின் எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துக் கொடுத்தனர். 33 வாக்குகளில் மாணவர் இடைநிற்றலுக்கு 9, வாடகைக் கட்டடத்துக்கு 8, ஆசிரியர் பற்றாக்குறைக்கு 6, மீதி பத்து மற்ற ஆறு கருப்பொருள்களுக்கிடையே சிதறின. இங்கே நிறுத்தியிருந்தால் மீண்டும் ஏமாந்திருப்போம்.

கட்டடத்துக்கு வாக்களித்த எட்டுப் பேரிடமும், ‘பன்னிரண்டு மாதங்களில் எது நடந்தால் இது முடிந்தது என்பீர்கள்?’ என்று கேட்டேன். பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டை வாங்க வேண்டும் என்றனர் ஐவர். கட்டடம் வாங்கும் பேச்சையே இத்தோடு விட்டுவிட வேண்டும் என்பதற்காக வாக்களித்ததாக மூவர் சொன்னார்கள்! வாக்கு எண்ணிக்கை அக்கறையைத்தான் காட்டியது, உடன்பாட்டைக் காட்டவில்லை. அரை மணி நேரச் சூடான பேச்சுக்குப் பின், வாங்குவதா வேண்டாமா என்பதை அன்று தீர்மானிக்காமல், இப்போதைய வாடகை ஒப்பந்தத்தின் எஞ்சிய காலம், வங்கிக் கடனுக்குள்ள வாய்ப்பு, மூன்று கட்டடங்களின் உத்தேச விலை ஆகியவற்றை ஒரே தாளில் தொகுத்துச் செயலவை முன் வைப்பது என்று முன்னுரிமையைச் சுருக்கினோம். பிறகு ஒவ்வொருவரிடமும் ‘ஆதரிக்கிறேன்’, ‘முழு மனதில்லை, ஆனால் தடுக்கமாட்டேன்’, ‘எதிர்க்கிறேன்’ ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னேன். யாரும் எதிர்க்கவில்லை, நால்வர் இரண்டாவதைச் சொன்னதையும் பதிவு செய்தேன்.

மூன்று புதிய வேலைகள் வந்தால் ஏதோ ஒன்று போக வேண்டும் என்று பொருளாளர் பிடிவாதமாக நின்றார். ஆண்டு மலரை ஓராண்டுக்கு நிறுத்துவது என்று முடிவானது. பல ஆண்டுகளாக அதைத் தொகுத்து வந்தவர் பதினொருவரில் ஒருவர். அவர் எதுவும் பேசவில்லை. தேநீர் இடைவேளையில் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும் என்பது இன்றும் உறுத்துகிறது.

பொறுப்பாளர் யார் என்ற கட்டத்தில் முதல் பதில் எப்போதும் ‘துணைக்குழு’ என்றே வரும். துணைக்குழு இருக்கட்டும், ஆனால் பதிவேட்டில் ஒரு பெயர்தான் என்றேன். பொறுப்பாளர் எல்லா வேலையையும் செய்ய வேண்டியதில்லை. வேலை நகர்ந்ததா என்று செயலவைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரே தம் வாயால், எதை, எந்தத் தேதிக்குள் கொண்டுவருவேன் என்று சொன்ன பிறகே எழுதினேன். இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவதான ஆசிரியர் பற்றாக்குறையை மையத்தின் சம்பள ஊழியரான ஒருங்கிணைப்பாளருக்குக் கொடுக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை; அறையிலேயே இல்லாத ஊழியரின் தலையில் செயலவையின் முன்னுரிமையைக் கட்டுவது முறையல்ல. திருமணத்துக்காக முன்கூட்டியே புறப்பட்டுவிட்ட ஓர் உறுப்பினரின் பெயர் அடிபட்டது. அவர் பெயருக்கு எதிரில் ‘முன்மொழிவு மட்டும்’ என்று எழுதி, திங்கட்கிழமை அழைத்தேன். “ஐயா, மனசு இருக்கு, நேரம் இல்லை” என்றார். அந்த இடம் பத்து நாள் காலியாக இருந்தது. பின்னர் உதவித் தலைவர் அம்மா எடுத்துக்கொண்டார்.

பதிவேட்டில் ஒரு வரிசை இப்படி இருந்தது: மாணவர் இடைநிற்றல், ஆதாரத் தாள்கள் 3, 11, 12, 28, 40, 55, 71, 90, பொறுப்பாளர் பெயர், பதினான்கு நாட்களுக்குள் முதல் அடி, சென்ற ஆண்டு நின்றுவிட்ட 41 மாணவர்களின் வீடுகளை அழைத்துக் காரணம் கேட்பது, மூன்றாம் மாதக் கூட்டத்தில் மறுபார்வை. இரண்டு நாளில் வரைவை அனைவருக்கும் அனுப்பினேன். ‘திரும்பி வருவதில்லை’ என்பதை ‘குறைந்துள்ளது’ என்று மென்மையாக்கலாமே என்று ஒருவர் கேட்டபோது, எட்டுத் தாள் எண்களையும் அவற்றின் வாசகத்தையும் அனுப்பிவைத்தேன், அவர் வற்புறுத்தவில்லை.

முகாம் செயலவைக் கூட்டமாக அழைக்கப்பட்டதன்று. அங்கே ஒப்புக்கொண்டது சங்கத்தின் தீர்மானமாகாது. முறையான முன்னறிவிப்போடு கூடிய அடுத்த செயலவைக் கூட்டத்தில் மூன்று முன்னுரிமைகளையும், மலர் நிறுத்தத்தையும், செலவு வரம்போடு தனித்தனித் தீர்மானங்களாக முன்மொழிந்து நிறைவேற்றினோம். குறிப்பேட்டில் ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘ஒத்திவைக்கப்பட்டது’, ‘கைவிடப்பட்டது’ ஆகிய மூன்றைத் தவிர வேறு சொல்லை முடிவுகளுக்குப் பயன்படுத்துவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

மூன்றாம் மாத மறுபார்வையில் கட்டடத் தாள் தயாராக இருந்தது. ஆசிரியர் விஷயம் பாதி வழியில் நின்றது. மாணவர் விஷயத்தில் பொறுப்பாளர் 41 வீடுகளில் 33-ஐத் தொடர்பு கொண்டிருந்தார். கட்டணமே காரணம் என்று நாங்கள் முகாமில் பேசியிருந்தோம். பெரும்பாலான பெற்றோர் சொன்னதோ, பள்ளிப் புறப்பாட நடவடிக்கை முடிந்து பிள்ளை வீடு திரும்புவதற்குள் எங்கள் வகுப்பு தொடங்கிவிடுகிறது என்பது. வகுப்பு நேரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைக்கும் தீர்மானம் அன்றே வந்தது.

சென்ற வாரம் ஓர் உறுப்பினர் என்னை அழைத்து, “நூலகத்தைப் பற்றி நான் ஒன்று எழுதினேனே, அது என்னவாயிற்று?” என்று கேட்டார். விரிதாளைத் திறந்து 61-ஆம் வரிசையைப் படித்துக் காட்டினேன்: ‘நூலகத்தை ஞாயிறும் திறக்கணும்’, நிலை, ஒத்திவைக்கப்பட்டது, மீண்டும் எடுக்கும் கூட்டம், நவம்பர். “எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கலாம்” என்றார். ‘திறக்கணும்’ அவர் எழுதியபடியே இருக்கிறது.