புளியரைக் கடையின் கணக்கு நோட்டு

"விற்பனை பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது? லாபம் ஏன் இப்படி விழுந்தது?" என்று, சபரிமலைக்குப் போகும் வழியில் கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் பரோட்டாக் கடை அண்ணாச்சி நோட்டை என் பக்கம் திருப்பினார்.

ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நின்றுவிட்ட மாதம் அது.

முந்தைய மாத விற்பனை 3,00,000 ரூபாய். மைதா, எண்ணெய், இறைச்சி, கேஸ் எல்லாம் விற்பனையோடு ஏறி இறங்குபவை. நூறு ரூபாய்க்கு அறுபது. மீதி 1,20,000. அதில் வாடகை, சம்பளம், கடன் வட்டி 90,000. லாபம் 30,000.

இந்த மாதம் விற்பனை 2,70,000. மீதி 1,08,000. ஆனால் அந்த 90,000 அசையவில்லை. கல்லின் முன் நிற்கும் மாஸ்டருக்குக் கூட்டம் இல்லாத நாளிலும் அதே சம்பளம்தானே! லாபம் 18,000. பத்து சதவீதச் சரிவு, நாற்பது சதவீத அடி.

லாபமும் நஷ்டமும் இல்லாத விற்பனை 2,25,000. அதில் நூற்றுக்கு நாற்பது மிஞ்சி, சரியாக அந்த 90,000 அடையும். முன்பு அதற்கு மேல் 75,000 இருந்தது, அதாவது விற்பனையில் கால் பங்கு. இதுதான் பாதுகாப்பு எல்லை. எல்லை கால் பங்கு என்றால், விற்பனைச் சரிவைப் போல் நான்கு மடங்கு அடி லாபத்துக்கு.

என்னைக் கவலைப்படுத்துவது அடுத்த மாதம். எல்லை இப்போது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இன்னொரு பத்து சதவீதம் குறைந்தால் லாபம் அறுபது சதவீதம் போய், 7,200 மட்டுமே மிஞ்சும்.

மாஸ்டருக்குப் பரோட்டா எண்ணிக்கைக்குக் கூலி பேசலாமா என்று யோசிக்கிறார் அண்ணாச்சி. சரிவு மென்மையாகும். ஆனால் அடுத்த சீசனில் லாபமும் அதே வேகத்தில் ஏறாது. மாஸ்டரின் வீட்டு அடுப்பும் கூட்டத்தை நம்பியே எரிய வேண்டியிருக்கும்.