விடையில் வந்த 1.56 வினாடி

மகள் பிளஸ் ஒன் இயற்பியல் பயிற்சிக் கணக்கோடு வந்தாள். 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேலிருந்து ஒரு கல்லை நேர் மேல்நோக்கி 5 மீ/வி திசைவேகத்தில் எறிகிறோம். எத்தனை வினாடியில் தரையைத் தொடும்? g = 10 மீ/வி² என்று வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு 1.56 வந்தது, பின்பக்க விடை 2.56. "அச்சுப் பிழையாப்பா?" என்றாள். நானும் போட்டுப் பார்த்தேன், எனக்கும் 1.56தான் வந்தது.

தக்கலைப் பக்கம் எங்கள் விளையில் அன்று காலைதான் தேங்காய் வெட்டியிருந்தோம். அந்த நினைப்பில் கேட்டேன்: "மக்களே, 20 மீட்டர் தென்னையிலிருந்து தேங்காய் சும்மா விழுந்தா எவ்வளவு நேரம்?" 20 = 5t², ஆகவே 2 வினாடி என்றாள். சும்மா விட்டாலே 2 வினாடி ஆகும்போது, மேலே போய்விட்டுத் திரும்பும் கல் அதற்கு முன்னால் எப்படித் தரையைத் தொடும்? 1.56 தவறு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இருவரும் எழுதியிருந்தது இது:

20 = 5t + 5t²

மேல்நோக்கிய 5-ஐயும் கீழ்நோக்கிய g-ஐயும் ஒரே குறியில் போட்டிருக்கிறோம். அதாவது கல்லைக் கீழ்நோக்கி எறிந்த கணக்கு இது. அந்தக் கணக்குக்கு 1.56 சரியான விடைதான். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

மேல்நோக்கியதை நேர்க்குறி என்று வைத்தோம். u = +5, a = −10. தரை கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி s = −20. பலர் g-க்குக் குறி மாற்றிவிட்டு, உயரத்தை +20 என்றே விட்டுவிடுவார்கள். அப்போது வர்க்கமூலத்துக்குள் எதிர் எண் வந்து கணக்கு நின்றுவிடும். கல் 20 மீட்டர் இன்னும் மேலே போக வேண்டும் என்று கேட்டதாக அதற்குப் பொருள். அது போவதோ 1.25 மீட்டர்தான்.

−20 = 5t − 5t²
t² − t − 4 = 0

தீர்வுகள் 2.56, −1.56. எறிந்த பிறகான நேரம்தான் வேண்டும், ஆகவே 2.56.

அதோடு விடவில்லை, வேறு வழியிலும் சரிபார்க்கச் சொன்னேன். உச்சியை எட்ட 5/10 = 0.5 வினாடி. அங்கிருந்து தரை 21.25 மீட்டர். விழும் நேரம் √4.25, சுமார் 2.06. கூட்டினால் 2.56. இதில் எதிர்க்குறி எங்கேயும் வரவில்லை என்பதால், குறிப் பிழையைப் பிடிக்க இந்த வழியைத்தான் நான் நம்புகிறேன். காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"கீழ்நோக்கியதை நேர்க்குறியா வச்சா?" என்று கேட்டுவிட்டு அவளே எழுதினாள்: 20 = −5t + 5t². அதே t² − t − 4 = 0 வந்து நின்றது.