இரண்டு பதினோராம் வகுப்பும் ஒரு பள்ளமும்: ஒரு ரியூசன் நிலையத்தின் 2025

மார்ச் 2, ஞாயிறு

காலையில் கொக்குவில் கொட்டகைக்குப் போனபோது சைக்கிள் விட இடமில்லை. ஒழுங்கை வாசல் வரை சைக்கிள் நிற்கிறது. உள்ளே ஒரு பக்கம் இந்த மாதம் ஓ.எல் எழுதப் போகிற பிள்ளைகள், தட்டிக்கு அந்தப் பக்கம் இந்த வருடம் பதினொன்றுக்கு வந்தவர்கள். கணித சேர் இரண்டு பக்கத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தார்.

போன வருடமும் இதே காட்சியைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன், அதை இங்கே எழுதி வைக்க வேண்டும். 2019 வரை ஓ.எல் டிசம்பரில் நடந்தது, பழைய தொகுதி போன பிறகுதான் ஜனவரியில் புதியது வரும். கொரோனாவுக்குப் பிறகு பரீட்சை அடுத்த வருடத்துக்குள் தள்ளிப் போய்விட்டதால் கொஞ்ச காலம் இரண்டு பதினோராம் வகுப்பு ஒரே நேரத்தில் இருக்கிறது. 2023க்கான ஓ.எல் 2024 மே மாதம்தான் நடந்தது, பெப்ரவரியில் புதிய வகுப்பு தொடங்கிவிட்டது, ஆக கிட்டத்தட்ட மூன்று மாதம் கொட்டகை நிரம்பி வழிந்தது. நான் அதை வளர்ச்சி என்று நினைத்து, பக்கத்து வளவில் இன்னொரு மண்டபத்தை மாதம் 25,000 ரூபாய்க்கு எடுத்து, ஆறு மாத முற்பணமும் கட்டி, புது வாங்கு மேசையும் செய்வித்தேன். மே நடுப்பகுதியில் பரீட்சை முடிந்தது. யூனில் அந்த மண்டபத்தில் ஒரு வகுப்புக்கூட நடக்கவில்லை.

கூட்டம் கூடியது உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் போகப் போகிற கூட்டம்.

மார்ச் 5, புதன்

இரவு றெஜிஸ்டரை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். போகப் போகிற தொகுதி 72 பேர், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் சேர்த்து மாதம் 4,500. புதிய பதினொன்று 58 பேர், அதே கட்டணம். ஆறிலிருந்து பத்து வரை 120 பேர், சராசரியாக 2,000. ஆசிரியர்களுக்கு எழுபது வீதம் போக எனக்கு முப்பது வீதம். பெப்ரவரியில் என் பங்கு 2,47,500. வாடகை, கந்தோரில் இருக்கும் தங்கச்சியின் சம்பளம், கரண்ட், துப்புரவு, போட்டோகொப்பி மெசின் தவணை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,65,000. மிச்சம் 82,500.

இதில் 72 பேரின் பங்கு மட்டும் 97,200. அவர்கள் போனதும் வரவு 1,50,300 ஆகிவிடும், செலவு குறையாது. ஒவ்வொரு மாதமும் 14,700 துண்டு விழும். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு 1,32,300.

இந்த மாதம் அந்தத் தொகுதியிடம் அரை மாதக் காசுதான் வாங்கலாம். பெப்ரவரியும் மார்ச்சும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் 1,16,400 வருகிறது. பள்ளத்துக்கு வேண்டிய மண் கிட்டத்தட்ட இந்த மேட்டிலேயே இருக்கிறது, அதைக் கையில் எடுக்காமல் விட்டால் போதும். வேறு வங்கிப் புத்தகம் ஒன்று திறந்து பெப்ரவரி மிச்சத்தை அதில் போட்டுவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நள்ளிரவோடு ஓ.எல் பிள்ளைகளுக்கு வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் கொடுப்பது எல்லாவற்றுக்கும் பரீட்சைத் திணைக்களத்தின் தடை. பரீட்சை 17 ஆம் திகதி தொடங்கி 26 இல் முடிகிறது, அது வரைக்கும். ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் இந்தத் தடை வரும் என்பது தெரிந்த விசயம். ஆனாலும் போன வருடம் கடைசி விஞ்ஞானக் கருத்தரங்கைத் தடை நாட்களுக்குள் போட்டுவிட்டு, நோட்டீசும் அடித்துவிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தோம். இந்த முறை பரீட்சை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினேன்: தடைக்கு ஒரு வாரம், அதற்கு முன்னால் இரண்டு சனிக்கிழமை மீட்டல், அதற்கும் முன்னால் மூன்று வாரம் கடந்தகால வினாத்தாள். மார்ச் என்ற பெயரை வைத்து ஒன்றும் போடவில்லை. பரீட்சை நகர்ந்தால் முழு வரிசையும் அதோடு நகரும், எனக்கு மாற்ற வேண்டியது ஒரு திகதிதான்.

பின்னேரம் விஞ்ஞான சேரிடம் கணக்கை விரித்துக் காட்டினேன். அவருக்கு எழுபது வீதம் என்பதால் பள்ளம் என்னைவிட அவரைத்தான் முதலில் இழுக்கும். போன வருடம் யூனில் ஒரு நல்ல ஆசிரியர் சொல்லாமல் வேறு நிலையத்துக்குப் போனது இதனால்தான். அவர் மேல் பிழை இல்லை, நான்தான் முன்கூட்டியே சொல்லவில்லை. இப்போது சேருக்கு ஏப்ரலிலும் மேயிலும் ஒரு குறைந்தபட்சத் தொகை தருவதாகப் பேசியிருக்கிறேன், எட்டாம் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தையும் அவர் எடுக்கிறார்.

மார்ச் 29, சனி

ஓ.எல் முடிந்து மூன்றாம் நாள். உயர்தர கொமேர்ஸ் வகுப்பு இன்று தொடங்கினோம், கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். 2027 இல் ஏ.எல் எழுதப் போகிற பிள்ளைகள்.

றிசல்ட் வர முதலே தொடங்குவது சரியா என்று எனக்கு நீண்ட நாள் தயக்கம் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் பிள்ளை பரீட்சை முடிந்து வீட்டில் இருப்பது ஒரு கிழமைதான். அதற்குள் எந்த ரியூசன் என்று வீட்டில் முடிவாகிவிடும். பரீட்சை மண்டப வாசலிலேயே ஆறேழு பேர் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். எங்கள் 72 பேரில் பெரும்பாலானோர் மற்ஸ், பயோ என்று பேர்போன சேர்மாரிடம் போய்விட்டார்கள், அந்த ஓட்டத்தில் நான் ஓடவில்லை. கொமேர்சுக்கு வந்தது 9 பேர்.

ஒரு அம்மா படலையடியில் நின்று கேட்டா, "சேர், றிசல்ட் வந்த பிறகு சேர்க்கேலாதோ? இவன் பயோதான் படிப்பன் எண்டு நிக்கிறான், எனக்கெண்டால் நம்பிக்கை இல்லை." "ஓம் அம்மா, அப்பவும் இடம் இருக்கும், கொண்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். பெடியன் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. பரீட்சைக்குப் போட்ட அதே வெள்ளைச் சப்பாத்து, குதிப்பக்கம் மிதிபட்டு மடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கொமேர்சுக்கு வாசல் இரண்டு. ஒன்று இப்போது, மற்றது றிசல்ட்டுக்குப் பிறகு.

ஜூலை 12, சனி

நேற்று முன்தினம் இரவு ஓ.எல் றிசல்ட் வந்தது. நேற்று முழுக்க ரெலிபோன். கணிதத்தில் நினைத்த பெறுபேறு வராதவர்கள், மூன்று மாதம் பௌதிகம் படித்துப் பார்த்துவிட்டு முடியாது என்று தெரிந்தவர்கள், இந்த இரண்டு விதமான பிள்ளைகளும்தான் இப்போது கொமேர்சுக்கு மாறுகிறார்கள்.

இவர்களை அப்படியே ஓடுகிற வகுப்பில் கொண்டுபோய் இருத்தினால் என்ன நடக்கும் என்பதை வேறு நிலையங்களில் பார்த்திருக்கிறேன். முதல் தொகுதி இரட்டைப் பதிவு முடித்து பரீட்சை மீதி தாண்டி சீராக்கங்களுக்குப் போயிருக்கும், புதுப் பிள்ளைக்கு வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்றே தெரியாது, இரண்டு கிழமை பேசாமல் இருந்துவிட்டு மூன்றாவது கிழமை வராது. வெளியே பார்ப்பவருக்கு அது காசுப் பிரச்சினை மாதிரித் தெரியும். பின்வாங்கில் இருந்து கொப்பியை மூடி வைத்துக்கொண்டு கேட்கிற பிள்ளையைப் பார்த்தால் அடுத்த கிழமை வராது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே இணைப்பு வகுப்பு ஒன்று: ஆறு ஞாயிறு, ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம், கணக்கீடு மட்டும், அடிப்படையிலிருந்து பரீட்சை மீதி வரை. தனிக் கட்டணம் இல்லை, மாதக் காசிலேயே அடங்கும். ஆறாவது ஞாயிறு முடிய ஒரு சின்னச் சோதனை, அதில் மீதியைப் பொருத்திக் காட்டும் பிள்ளை பெரிய வகுப்புக்கு வரும். 14 பேர் பெயர் தந்திருக்கிறார்கள். படலையடியில் நின்ற பெடியனும் வந்தான், இந்த முறை சைக்கிளை உள்ளே கொண்டுவந்து மரத்தடியில் சாத்தி வைத்தான்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று நல்லூரில் கொடியேற்றம். இனி 25 நாள் ஊர் பின்னேரத்தில் கோயிலடியில்தான்.

போன வருடம் ஆறு தொடக்கம் ஒன்பது வரைக்குமான நாலு மணி வகுப்புகளைத் திருவிழா முடியும் வரை நிறுத்தினேன், அதனால் ஓகஸ்ட் மாதம் அரைக் காசு. பெற்றோர் காசைப் பார்ப்பது நாட்காட்டியை வைத்தில்லை, எத்தனை வகுப்பு நடந்தது என்பதை வைத்துத்தான். ஒரு பாடத்துக்கு நாலு வகுப்பு நடந்தால் முழுக் காசு தருவார்கள், இரண்டு நடந்தால் பாதிதான் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள், அது நியாயமும்கூட.

அதனால் இந்த முறை வகுப்பை நிறுத்தவில்லை, நேரத்தை மாற்றினோம். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் இரண்டரையிலிருந்து நாலேகால் வரை, பிள்ளை வீட்டுக்குப் போய்க் குளித்து வேட்டி கட்ட நேரம் இருக்கும். விடுமுறை தொடங்கியதும் கிழமை நாட்களில் காலை எட்டிலிருந்து பத்து. ஞாயிறு காலை சின்ன வகுப்புகளுக்குப் போடவில்லை, அது அறநெறிக்கு. தேரும் தீர்த்தமும் முழு விடுமுறை, அதை மாதத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டோம். ஓகஸ்ட் 10 புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் ஐந்தாம் வகுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இந்த மாதம் இன்னும் சிக்கல், எங்களிடம் ஐந்தாம் வகுப்பு இல்லை.

செப்டெம்பர் 3, புதன்

ஓகஸ்ட் றெஜிஸ்டர் பார்த்தேன். 120 பேரில் 103 பேர் முழுக் காசு. குறைந்தது பெரும்பாலும் ஆறாம் வகுப்பு, இரண்டரை மணிக்கு அந்தப் பிள்ளைகளுக்கு நித்திரை வருகிறது, மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஆறாம் வகுப்பை மட்டும் சனி காலைக்கு மாற்ற வேண்டும்.

இணைப்பு வகுப்பு முடிந்தது. 14 பேரில் 11 பேர் சோதனையில் மீதியைப் பொருத்தினார்கள், இரண்டு பேர் இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கப் போகிறார்கள், ஒருவர் நின்றுவிட்டார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

அடுத்த ஓ.எல் பெப்ரவரியில். அதாவது இரண்டு பதினோராம் வகுப்பும் சேர்ந்திருக்கும் காலம் ஆறு கிழமையளவுதான். 2024 இல் மூன்று மாதம், இந்த வருடம் ஏழு கிழமை, அடுத்த வருடம் அதிலும் குறைவு. பரீட்சை டிசம்பரை நோக்கித் திரும்பப் போகப் போக இந்த மேடு கரைந்துகொண்டே வரும், மார்ச்சில் எனக்குப் பாதிக் காசுகூடக் கிடைக்காது. அடுத்த வருடப் பள்ளத்தை மேட்டு மண்ணால் மட்டும் நிரப்ப முடியாது, கொமேர்ஸ் 22 பேரும் நிலைத்து நிற்க வேண்டும்.

பக்கத்து வளவு அண்ணை இன்று வந்தார். "தம்பி, ஜனவரியில சனம் கூடுந்தானே, மண்டபத்தைத் திருப்பி எடுக்கேல்லையோ?" பெப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் மட்டும், சனி ஞாயிறு மட்டும், நாள் கணக்கில் தருவதென்றால் எடுக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். நாளுக்கு 1,500 என்றார், 1,200க்குச் சம்மதித்தார். முற்பணம் கேட்கவில்லை.

வாங்குகள் என்னுடையவை. இங்கிருந்து தூக்கிப் போகலாம்.