பம்பி ஓடும்போது நானோ ஏன் றீசெற் ஆகிறது?

யூலை 8

களுவாஞ்சிகுடி மிளகாய்த் தோட்டத்துக்கான தண்ணீர்க் கட்டுப்பாட்டுப் பெட்டி. 12 வோல்ற் பற்றறி, வோல்ற்றைக் குறைக்கும் LM2596 வழியாக ஆடுயினோ நானோவுக்கு 5 வோல்ற், ரிலேயில் பம்பி மோட்டர். ரிலே 'டிக்' என்றதும் நானோ றீசெற் ஆகிறது. ஆனால் மல்ரிமீற்றரில் 5.02 வோல்ற் அசையவேயில்லை. சில மில்லிசெக்கன் வீழ்ச்சி அதில் தெரியாது, வோல்ற்றைப் படமாகக் காட்டும் ஒசிலோஸ்கோப்தான் வேண்டும்.

முதலில் புரோப். சுவிட்சிலும் ஸ்கோப் மெனுவிலும் 10X. பிறகு 1 kHz சதுர அலை முனையில் பிடித்து, மூலைகள் நேராகும்வரை புரோப்பின் சிறு திருகைத் திருப்ப வேண்டும். மூலை மழுங்கினாலோ கூராக எழும்பினாலோ சரிப்படுத்தல் முடியவில்லை.

கிறவுண்ட் கிளிப்பை பற்றறியின் மைனஸில் மட்டும் கொழுவவும். அந்தக் கிளிப் சுவர் மின்சாரத்தின் எர்த்தோடு தொடர்பானது. 230 வோல்ற் பக்கம் போகவே கூடாது.

யூலை 9

Auto-வில் கோடு துள்ளுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. இந்த வீழ்ச்சி ஒரே தடவைதான் வரும். ஆகவே படம் எப்போது பிடிபட வேண்டும் என்று சொல்லும் ட்ரிகரை இறங்கு விளிம்பு, 4.5 வோல்ற், Single என்று வைத்தோம். நேரம் ஒரு கட்டத்துக்கு 5 மில்லிசெக்கன். ட்ரிகர் புள்ளியை இடப்பக்கம் இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தினால் முன் நடந்ததும் தெரியும்.

பம்பியைப் போட்டதும் படம் உறைந்தது. 5 வோல்ற் சரிந்து 2.4-க்கு இறங்கி, மீண்டும் ஏறுகிறது. நானோ வழமையாக 2.7 வோல்ற்றில் தன்னை றீசெற் செய்யும். அதனால் ரிலே விட, மோட்டர் நிற்க, மின்னழுத்தம் திரும்புகிறது. ஆனால் ரிலே தொடும் இடத்தில் 9 வோல்ற்வரை ஊசிகளும் நிற்கின்றன.

யூலை 10

அந்த ஊசிகளை நம்பலாமா? புரோப் முனையையும் அதன் கிளிப்பையும் சர்க்கிட்டின் ஒரே கிறவுண்ட் புள்ளியில் வைத்து பம்பியைப் போட்டோம். அப்போதும் ஊசிகள்! கிளிப் வயர் வளையமே அன்ரனாபோல இரைச்சலை வாங்குகிறது. கொக்கியைக் கழற்றி, குட்டையான ஸ்பிரிங் கிறவுண்டை மாட்டியதும் ஊசி அரை வோல்ற்றுக்குள் சுருங்கியது. மெதுவான சரிவு மட்டும் அப்படியே. அதுதான் உண்மையான கோளாறு.

யூலை 12

இரண்டாவது புரோப்பை LM2596-இன் 12 வோல்ற் பக்கம் வைத்தோம். முதலில் 12 சரிகிறது, பின்னால் 5. மோட்டரும் நானோவும் ஒரே மெல்லிய 6 மீற்றர் வயரில் தொங்குகின்றன; தொடக்க மின்னோட்டம் அந்த வயரிலேயே வோல்ற்றை விழுங்குகிறது. மோட்டரைக் கையால் நேரே போட்டுப் பார்த்தால் வீழ்ச்சி 40 மில்லிசெக்கன் நீடிக்கிறது.

நானோவுக்குப் பற்றறியிலிருந்து தனி வயர், பெட்டிக்குள் 1N5822 டயோட், அதன் பின்னால் 1000 மைக்ரோஃபரட் 25 வோல்ற் கப்பாசிற்றர். டயோட் இல்லாவிட்டால் கப்பாசிற்றரின் ஏற்றத்தை மோட்டரே இழுத்துவிடும். LM2596 எடுப்பது சுமார் 60 மில்லியாம்ப். அந்த 40 மில்லிசெக்கனில் கப்பாசிற்றர் இழப்பது:

```
0.06 × 0.04 / 0.001 = 2.4 V
```

டயோட்டுக்குப் பின்னால் உள்ள 11.7-இலிருந்து 9.3, 5 வோல்ற் தர அது போதும். 20 தடவை பம்பியைப் போட்டும் 4.5-இல் ட்ரிகர் விழவில்லை.